மெயிலின் வாலில் ‘இஸ்ன்ட் இட்?’

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் என்றொரு வேலை உண்டு. வெளிநாட்டு பையர் ஒரு பக்கம், நூல்காரர், சாயப்பட்டறை, தையல் யூனிட், செக்கிங், பேக்கிங் எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு ஆர்டரை நகர்த்துபவர் அவர்தான். பட்டறைக்காரரிடம் போனில் தமிழில் பேசுவார். போனை வைத்த கையோடு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் தட்டுவார். அப்படித் தட்டப்படும் மெயில்களில் இந்த மாதிரி வரிகள் சாதாரணமாகக் கண்ணில் படும்:

‘யூ வில் சென்ட் த பிஓ டுடே, இஸ்ன்ட் இட்?’

‘த லேப் டிப் இஸ் அப்ரூவ்ட், இஸ் இட்?’

‘யுவர் க்யூசி டீம் கேம் லாஸ்ட் வீக், இஸ்ன்ட் இட்?’

பள்ளிக்கூட இலக்கணப்படி மூன்றுமே பிழை. முதல் வரியின் முடிவில் ‘வோன்ட் யூ?’ வர வேண்டும். இரண்டாவதில் ‘இஸ்ன்ட் இட்?’ வர வேண்டும். மூன்றாவதில் ‘டிடின்ட் தே?’ வர வேண்டும். இதே மெர்ச்சண்டைசர் பள்ளியில் ‘க்வெஸ்சன் டேக் சேர்க்க’ என்ற பயிற்சியைப் பக்கம் பக்கமாகச் செய்திருப்பார். அதில் மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். ஆனாலும் மெயில் எழுதும்போது ‘இஸ்ன்ட் இட்’, ‘இஸ் இட்’ என்ற இரண்டுதான் விரலுக்கு வருகின்றன. அதுவும் கண்டபடி வருவதில்லை. எந்த இடத்தில் ‘இஸ்ன்ட் இட்’, எந்த இடத்தில் ‘இஸ் இட்’ என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தமிழின் ஒழுங்கு. பையருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஆங்கிலம் இந்தச் சின்ன வாலுக்காக எழுதுபவரிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாக்கியத்தில் உள்ள துணைவினையைக் கண்டுபிடிக்க வேண்டும். துணைவினை இல்லையென்றால், காலத்தைப் பார்த்து ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வாக்கியம் உடன்பாடாக இருந்தால் அதை எதிர்மறையாக்க வேண்டும். எதிர்மறையாக இருந்தால் உடன்பாடாக்க வேண்டும். எழுவாய் எதுவோ அதற்குரிய பிரதிப்பெயரைப் பிடிக்க வேண்டும். ‘யுவர் க்யூசி டீம்’ என்றால் ‘இட்’டா, ‘தே’யா என்று யோசிக்க வேண்டும். கடைசியில் துணைவினையை முன்னே, பிரதிப்பெயரைப் பின்னே வைக்க வேண்டும். இதற்கு மேல் விதிவிலக்குகள் வேறு. ‘ஐ ஆம் லேட்’ என்றால் ‘ஆரன்ட் ஐ?’, ‘லெட்ஸ் ஸ்டார்ட்’ என்றால் ‘ஷல் வி?’, ‘ஹார்ட்லி’ என்ற சொல் வந்துவிட்டால், பார்வைக்கு உடன்பாடாகத் தெரியும் வாக்கியமும் எதிர்மறைக் கணக்கில் போய்விடும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே இது சீக்கிரம் வசப்படுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரோஜர் பிரவுனும் கமில் ஹேன்லனும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் பேச்சில் எந்த வாக்கிய வகை முதலில் வருகிறது, எது பிறகு வருகிறது என்று பார்த்தார்கள். குழந்தைகள் தொடக்கத்தில் ‘ஹ?’, ‘ரைட்?’ போன்ற மாறாத ஒற்றை வாலை வைத்துச் சமாளிக்கிறார்கள்; எழுவாய்க்கும் வினைக்கும் ஏற்ப மாறும் முழு வால் வெகுநாள் கழித்தே வருகிறது. வினாவும் எதிர்மறையும் தனித்தனியே கைவந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து வாலாக்க முடிகிறது.

தமிழில் இந்த வேலையே கிடையாது. ‘நீங்க வருவீங்க, இல்லையா?’, ‘அவங்க வந்தாங்க, இல்லையா?’, ‘சாம்பிள் போயாச்சு, இல்லையா?’, ‘எனக்கு நேரமாச்சு, இல்லையா?’ என்று ஆள் மாறினாலும் காலம் மாறினாலும் ‘இல்லையா’ அப்படியே நிற்கும். எழுத்துத் தமிழில் ‘அல்லவா’ என்று இருக்கும். பேச்சில் ‘வர்றீங்கல்ல?’ என்று வினையோடு ஒட்டிக்கொண்டு அரை மாத்திரையில் முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் ஆங்கிலத்தில் ‘இல்லையா’வுக்கு இணையாக ஒன்றைத் தேடும்போது, கிட்டத்தில் கிடைப்பது ‘இஸ்ன்ட் இட்’. அதில் ‘இட்’ எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று அவர் கேட்டுக்கொள்வதில்லை. முன்னால் சொன்ன சேதி முழுவதையும் அந்த ‘இட்’ குறிப்பதாக எடுத்துக்கொள்கிறார். ‘நான் சொன்னது சரிதானே?’ என்பதுதான் அவர் கேட்பது.

இதுவரை பலரும் அறிந்த கதைதான். இந்தியர்களின் ஆங்கிலத்தைப் பற்றி எழுதிய மொழியியலாளர்கள் பலரும், அந்தத் துறையில் முன்னோடியான பிரஜ் கச்ருவிலிருந்து தொடங்கி, மாறாத ‘இஸ்ன்ட் இட்’டைக் குறித்திருக்கிறார்கள். இந்தி பேசுபவரும் ‘ஹை நா’ என்று ஒரே வாலை வைத்திருப்பவர்தான். ஆனால் தமிழரின் மெயிலில் அதற்குப் பக்கத்திலேயே ‘இஸ் இட்’ ஒன்றும் வருகிறதே, அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

தமிழில் வினா கேட்கும் எழுத்துகளை இலக்கண நூல்கள் தனியாகவே எடுத்துச் சொல்கின்றன. எ, யா என்ற இரண்டும் சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ என்பவை சொல்லின் இறுதியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும் என்பது நன்னூலின் கணக்கு. இன்றைய பேச்சில் அதிகம் உழைப்பது அந்த ‘ஆ’. ‘அப்ரூவ் ஆயிடுச்சு’ என்பது சேதி, ‘அப்ரூவ் ஆயிடுச்சா?’ என்பது கேள்வி. வாக்கியத்தை முழுக்கச் சொல்லி முடித்து, கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும், அது கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் கேள்வி என்றால் துணைவினையைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும். தமிழர் அப்படி யோசித்துப் பழகவில்லை. அவர் மனதில் முதலில் சேதி உருவாகிறது, கேள்வி கடைசியில் வந்து சேருகிறது. ‘த லேப் டிப் இஸ் அப்ரூவ்ட்’ என்று சேதியை எழுதி முடித்தாயிற்று. இனி ‘ஆ’ போட வேண்டும். அந்த ‘ஆ’தான் ‘இஸ் இட்’.

ஆகவே இந்த மெயில்களில் ‘இஸ்ன்ட் இட்’டும் ‘இஸ் இட்’டும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடும் வால்கள் இல்லை. ‘இஸ்ன்ட் இட்’ என்பது ‘இல்லையா’: எனக்குத் தெரியும், நீங்களும் ஆமோதியுங்கள். ‘இஸ் இட்’ என்பது ‘ஆ’: எனக்குத் தெரியாது, சொல்லுங்கள். ‘யுவர் க்யூசி டீம் கேம் லாஸ்ட் வீக், இஸ்ன்ட் இட்?’ என்று எழுதியவர், டீம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். அடுத்து சொல்லப்போகும் விஷயத்துக்கு அதை நினைவுபடுத்துகிறார். ‘த லேப் டிப் இஸ் அப்ரூவ்ட், இஸ் இட்?’ என்று எழுதியவருக்கு அப்ரூவல் ஆயிற்றா இல்லையா என்று உண்மையிலேயே தெரியாது. லேப் டிப் என்பது பையர் கேட்ட நிறத்தில் சாயப்பட்டறை சோதனைக்காகச் சாயமேற்றி அனுப்பும் சின்னத் துணித்துண்டு. பையர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மொத்தத் துணியையும் சாயத்தில் போட முடியும். அதற்காகத்தான் இந்தக் கேள்வி. இன்னொரு தமிழர் இந்த இரண்டு வரிகளையும் படித்தால் வித்தியாசம் அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஆங்கிலக்காரருக்குப் புரிவது வேறு. அவர் மொழியிலும் உடன்பாட்டு வாக்கியத்துக்குப் பின்னால் உடன்பாட்டு வாலே வரும் ஒரு வழக்கம் உண்டு. ‘ஸோ யூ ஹேவ் ஃபினிஷ்ட், ஹேவ் யூ?’ என்பார்கள். வால் இங்கே புரட்டப்படவில்லை. இப்படிச் சொல்வதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது: நீ சொன்னதிலிருந்தோ செய்ததிலிருந்தோ நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன் என்பது. பல சமயம் அதில் சந்தேகமோ கிண்டலோ ஏறியிருக்கும். ‘ஓஹோ, முடிச்சிட்டியாக்கும்?’ என்ற தொனி. லண்டனில் இருக்கும் ஒரு பையர் ‘த லேப் டிப் இஸ் அப்ரூவ்ட், இஸ் இட்?’ என்ற வரியைப் படிக்கும்போது அந்தத் தொனிதான் காதில் விழ வாய்ப்பு அதிகம். ‘அப்ரூவ் பண்ணிட்டதா சொல்றீங்களாக்கும்’ என்று மெர்ச்சண்டைசர் முறைப்பதாக அவருக்குப் படும். எழுதியவரோ பணிவாக ஒரு தகவல் கேட்டுவிட்டு அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார்.

நேரில் பேசினால் இதைக் குரல் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் வாலின் பொருளைப் பாதி தீர்மானிப்பது குரலின் ஏற்ற இறக்கம்தான். வாலைச் சொல்லும்போது குரல் இறங்கினால், எனக்குத் தெரிந்ததை நீயும் ஒத்துக்கொள் என்று பொருள். குரல் ஏறினால், எனக்கு நிச்சயமில்லை, சொல் என்று பொருள். தமிழர் ‘இல்லையா’, ‘ஆ’ என்ற இரண்டு சொல்வடிவங்களில் பிரித்து வைத்திருப்பதை, ஆங்கிலம் ஒரே வாலில் குரலை மாற்றிப் பிரிக்கிறது. மெயிலில் குரல் கிடையாது. ஆங்கிலத்தின் பிரிவினை அங்கே அழிந்துபோகிறது. தமிழரின் பிரிவினை எழுத்தில் இருந்தும் எதிரே இருப்பவருக்குப் படிக்கத் தெரியவில்லை. போனில் பேசும்போது வராத மனத்தாங்கல் மெயிலில் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

‘ஆ’வுக்கு இன்னொரு திறமையும் உண்டு. எந்தச் சொல்லைச் சந்தேகப்படுகிறோமோ அந்தச் சொல்லிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ‘வெள்ளிக்கிழமை ஏர்ல ஐந்நூறு பீஸ் அனுப்புறீங்களா?’ என்றால் அனுப்புவதே கேள்வி. ‘வெள்ளிக்கிழமையா?’ என்று நாளில் ஒட்டினால் நாள்தான் கேள்வி. ‘ஏர்லயா?’ என்றால், கப்பலில் போக வேண்டிய சரக்கு ஏன் விமானத்தில் போகிறது என்பது கேள்வி. ‘ஐந்நூறா?’ என்றால் எண்ணிக்கை பற்றிய கவலை. இத்தனையும் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘யூ ஆர் சென்டிங் 500 பீசஸ் பை ஏர் ஆன் ஃப்ரைடே, இஸ் இட்?’ என்று ஒரே வடிவமாகிவிடுகிறது. ‘இஸ் இட்’ வாக்கியத்தின் கடைசியில் போய் நின்றுவிட்டது. அங்கிருந்துகொண்டு எந்தச் சொல்லையும் சுட்டிக்காட்ட அதனால் முடியாது. கேட்டவர் விமானக் கட்டணம் யார் தலையில் விழும் என்ற பதைப்பில் இருப்பார். பதில் ‘யெஸ், ஃப்ரைடே’ என்று வரும்.

‘இஸ் இட்?’ தனியாக, பதிலாக வருவதும் உண்டு. ‘ஐ ஹேவ் ஷிஃப்டட் டு சேலம்’ என்று ஒருவர் எழுதினால் ‘இஸ் இட்? வெரி குட்’ என்று பதில் போகும். இது நம்முடைய ‘அப்படியா?’. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஹேவ் யூ?’ வர வேண்டும். இதனால் பெரிய சேதம் ஏதுமில்லை.

சரி, விதியை ஒழுங்காகப் பின்பற்றி எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. ‘யூ ப்ராமிஸ்ட் த பேமென்ட் திஸ் வீக், டிடின்ட் யூ?’ என்று இலக்கண சுத்தமாக எழுதிப் பார்க்கலாம். படிப்பவரை நோக்கி விரல் நீட்டிக் கேட்பதுபோல் இருக்கும். குரல் தெரியாத மெயிலில், கடைசிச் சொல் ‘யூ’ என்று முடிவதால், அது குறுக்கு விசாரணைபோல் ஆகிவிடுகிறது. ‘யூ ப்ராமிஸ்ட் த பேமென்ட் திஸ் வீக், இஸ்ன்ட் இட்?’ என்பதில் அந்தக் குத்தல் குறைவு. கேள்வி ஆளை விட்டு விஷயத்தின் மேல் திரும்பிவிடுகிறது. இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்த ராகேஷ் பட் இதைத்தான் கவனப்படுத்தினார். மாறாத ‘இஸ்ன்ட் இட்’ என்பது விதி தெரியாமையால் வரும் தவறு மட்டுமே என்ற பார்வையை அவர் ஏற்கவில்லை. அதைப் பயன்படுத்துபவர்கள் எதிராளியின் மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும் மரியாதை உத்தியாக அதைக் கையாளுகிறார்கள் என்றார்.

தமிழ் அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலதிகாரியிடம் ‘நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?’ என்று நேராகக் கேட்பதைவிட, ‘சார், கையெழுத்து ஆயிடுச்சு இல்லைங்களா?’ என்பதுதான் வழக்கம். கையெழுத்துப் போடவில்லை என்றாலும் அவர் சங்கடப்படாமல் ‘இல்லப்பா, இப்ப போட்டுடறேன்’ என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது. பணம் கேட்கும்போதும், தாமதத்தை நினைவூட்டும்போதும், வயதில் மூத்தவருக்கு எழுதும்போதும் இந்த ‘இஸ்ன்ட் இட்’ அதிகம் தலைகாட்டுவது தற்செயல் இல்லை. இப்படி எழுதுபவரின் காது நன்றாகவே வேலை செய்கிறது. அந்த மரியாதையைக் காதில் வாங்கும் பழக்கம் எதிர்முனையில் இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, எதிர்மறை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. அங்கே மனத்தாங்கலோடு நிற்காமல் காசும் போகலாம்.

ஓர் ஆர்டரை வைத்து இதைப் பார்ப்போம். நீல நிற டி-சர்ட் ஆர்டர். லேப் டிப் போய்ச் சேர்ந்து சில நாட்களாகிவிட்டன; பதிலைக் காணோம். சாயப்பட்டறையில் இவர்களுக்கென்று ஒதுக்கிய மெஷின் காத்திருக்கிறது. இன்று விட்டால் வேறு கம்பெனி துணி ஏறிவிடும். மெர்ச்சண்டைசர் பையருக்கு எழுதுகிறார்: ‘யூ ஹேவ் நாட் அப்ரூவ்ட் த லேப் டிப், இஸ்ன்ட் இட்?’ பையர் ஏதோ மீட்டிங்கில் இருக்கிறார். செல்போனிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறார்: ‘நோ.’

தமிழில் ‘நீங்க இன்னும் அப்ரூவ் பண்ணல, இல்லையா?’ என்று கேட்டால், பண்ணாதவர் ‘ஆமா, இன்னும் பண்ணல’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ‘ஆமா’. பண்ணிவிட்டவரோ ‘இல்லையே, பண்ணிட்டேனே’ என்பார். கேட்டவர் நினைத்தது தப்பு என்பதற்கு அந்த ‘இல்லை’. அதாவது நம்முடைய ஆமாவும் இல்லையும் கேட்டவரின் கூற்றுக்குத் தரும் பதில்கள். ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான். ஆங்கிலத்தின் யெஸ், நோ கேட்டவரின் கூற்றைப் பார்ப்பதில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்பதை மட்டும் பார்க்கின்றன. அப்ரூவ் பண்ணியிருந்தால் ‘யெஸ், ஐ ஹேவ்’. பண்ணவில்லை என்றால் ‘நோ, ஐ ஹேவன்ட்’. கேள்வி உடன்பாடாக இருந்தாலும் எதிர்மறையாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இப்போது அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருவோம். பையர் ‘நோ’ என்றது ‘நான் அப்ரூவ் பண்ணவில்லை’ என்ற பொருளில். மெர்ச்சண்டைசர் அதை ‘இல்லையே, பண்ணிட்டேனே’ என்று படித்தால் கதை வேறாகிவிடும். சாயப்பட்டறைக்குப் போன் போகும். மெஷினில் துணி ஏறும். பையர் கண்ணுக்குப் பிடிக்காத நீலத்தில் ஒரு லோடு துணி முழுவதும் நனைந்துவிடும். சாயமேறிய துணியை மீண்டும் வெள்ளைக்குக் கொண்டுவர வெளுப்பு ரசாயனம் போட வேண்டும். அதில் நூலின் வலு குறையும், செலவும் நாளும் கூடும். பெரும்பாலும் அந்தத் துணி இன்னும் அடர்த்தியான நிறத்துக்குத்தான் போகும், கறுப்புக்கோ நேவிக்கோ. இந்த ஆர்டருக்கு வேறு துணி வாங்க வேண்டியிருக்கும்.

பதில் ‘யெஸ்’ என்று வந்திருந்தால் தவறு எதிர்ப்பக்கம் போயிருக்கும். பையர் அப்ரூவ் பண்ணிவிட்டேன் என்கிறார்; மெர்ச்சண்டைசர் ‘ஆமா, இன்னும் பண்ணல’ என்று படித்துவிட்டுக் காத்திருக்கிறார். மெஷின் கைமாறிப் போகிறது. கப்பல் தேதி நெருங்குகிறது. இருவருமே கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவர்கள், பதிலை நேர்மையாகப் படித்தவர்கள். அனுபவப்பட்ட மெர்ச்சண்டைசர்கள் ஒற்றைச் சொல் பதிலை நம்பிப் பட்டறைக்குப் போன் செய்வதில்லை. ‘கைண்ட்லி கன்ஃபர்ம்’ என்று இன்னொரு மெயில் போட்டுவிட்டுத்தான் அசைவார்கள். அந்த ஒரு மெயில் எத்தனையோ லோடு துணியைக் காப்பாற்றியிருக்கும்.

மாறாத வாலுக்காகத் தமிழர் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர் ‘நெஸ் பா’ என்ற ஒன்றை எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டுகிறார். ஜெர்மானியர் ‘நிஷ்ட் வார்’ என்கிறார். பிரிட்டனுக்குள்ளேயே வேல்ஸ் நாட்டு ஆங்கிலத்தில் மாறாத ‘இஸ்ன்ட் இட்’ நெடுங்கால வழக்கு. லண்டன் தெருக்களில் இளைஞர்கள் ‘இன்னிட்’ என்று அதையே சுருக்கி, ஆளும் காலமும் பாராமல் எங்கும் போடுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘இஸ் இட்’ அன்றாடப் பேச்சின் பகுதி. அங்கே தமிழ், மலாய், சீன மொழிகள் மூன்றிலுமே வாக்கியத்தின் கடைசியில் வினாக்குறி வைக்கும் வழி இருக்கிறது. அதனால் ‘யூ ஆர் கோயிங், இஸ் இட்?’ என்றால் அங்கே எல்லோருக்கும் அது சாதாரணக் கேள்விதான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எழுதப்படும் மெயிலில் இந்த வால் யாரையும் இடறுவதில்லை. யாழ்ப்பாணத் தமிழில் ‘நாளைக்கு வருவியள், என்ன?’ என்று ‘என்ன’வே வாலாக நிற்கும். உலகத்தில் ஆங்கிலம்போல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புதுவால் செய்யும் மொழிகள்தான் குறைவு.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக்காரர்களே தொழில்முறை மெயிலில் இந்த வால்களை அதிகம் எழுதுவதில்லை. வால் அவர்களுக்குப் பேச்சின் சொத்து. பேச்சு, எழுத்து இரண்டையும் கோடிக்கணக்கான சொற்கள் திரட்டி ஒப்பிட்ட லாங்மேன் இலக்கணம் 1999இல் வெளியானது. உரையாடலில் கேட்கப்படும் கேள்விகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படி வாலாக வருவது என்றும், செய்தி எழுத்திலும் ஆய்வு எழுத்திலும் அது அரிது என்றும் அது காட்டியது. எனவே ‘டிடின்ட் யூ’, ‘வோன்ட் தே’ என்று சரியான வாலைத் தேடி மெர்ச்சண்டைசர் மூளையைக் கசக்கிக்கொள்வதில் பலன் கொஞ்சம்தான். சரியாகப் போட்டாலும் அது எழுத்துக்குப் பொருந்தாத பேச்சாகவே இருக்கும்.

அதற்குப் பதில், அவர் தமிழில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டையும் ஆங்கிலத்திலும் பிரித்து எழுதலாம். மனதில் ‘ஆ’ ஓடினால், அதாவது விடை தெரியாவிட்டால், கேள்வியை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோக வேண்டும்: ‘இஸ் த லேப் டிப் அப்ரூவ்ட்?’ முன்பு வாலில் இருந்த அதே ‘இஸ்’ முன்னால் போய்விட்டது, மற்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. எந்தச் சொல்லில் சந்தேகமோ அதற்குத் தனி வாக்கியம் கொடுக்கலாம்: ‘யூ ஆர் சென்டிங் 500 பீசஸ் ஆன் ஃப்ரைடே. இஸ் திஸ் பை ஏர் ஆர் பை சீ?’

மனதில் ‘இல்லையா’ ஓடினால், தெரிந்ததை முற்றுப்புள்ளி வைத்துச் சொல்லிவிட்டு, உறுதிப்படுத்தச் சொல்லலாம்: ‘அஸ் ஐ அண்டர்ஸ்டேண்ட், த பேமென்ட் இஸ் டியூ திஸ் வீக். ப்ளீஸ் கன்ஃபர்ம்.’ இதில் ‘யூ’ வரவே இல்லை. ‘இஸ்ன்ட் இட்’டில் இருந்த மரியாதை கெடவில்லை. நெருங்கிப் பழகிய பையர் என்றால் ‘த மீட்டிங் இஸ் அட் டென், ரைட்?’ என்று எழுதுவதில் தவறே இல்லை. ‘ரைட்’ ஆங்கிலத்துக்குச் சொந்தமான மாறாத வால். ஆள், காலம் எதற்கும் அது வளையாது. அதே வாக்கியத்தில் ‘இஸ்ன்ட் இட்’டும் முழுக்கச் சரி, ஏனென்றால் ‘மீட்டிங் இஸ்’ என்பதற்கு உரிய வால் அதுவேதான்.

எதிர்மறையில் மட்டும் வாலை அடியோடு விட்டுவிடுவது நல்லது. ‘யூ ஹேவ் நாட் அப்ரூவ்ட்’ என்று தொடங்கினால் எந்த வால் போட்டாலும் யெஸ், நோ இரண்டும் இருபொருள்பட வந்து நிற்கும். ‘ஹேவ் யூ அப்ரூவ்ட் த லேப் டிப்?’ என்று உடன்பாட்டில் கேட்டால், இரண்டு மொழிக்காரருக்கும் யெஸ் என்றால் ஆயிற்று, நோ என்றால் ஆகவில்லை. பையர் செல்போனிலிருந்து ஒற்றைச் சொல்தான் தட்டுவார் என்று தெரிந்தால், பதிலையும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம்: ‘ப்ளீஸ் ரிப்ளை அப்ரூவ்ட் ஆர் நாட் அப்ரூவ்ட்.’ அப்படி வந்த பதிலை அப்படியே சாயப்பட்டறைக்கு ஃபார்வர்டு செய்யலாம். பட்டறையில் அதைப் படிப்பவரும் ‘அப்ரூவ்டா, இல்லையா’ என்று திருப்பிக் கேட்கத் தேவையிருக்காது.